நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து வரை

முதல் செய்தியை எழுதிக் கொடுத்தவன் தம்பி. காப்பீடு விற்பவன், வாயாலேயே பிழைப்பவன். அக்கா நான்கு வாக்கியம் சொன்னாள், அவன் அதைப் பன்னிரண்டாக ஊதிக் கொடுத்தான்.

"பல் மருத்துவ உலகையே புரட்டிப்போடப் போகும் யோசனை. விவரம் ரகசியம். ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகே பேச்சு. ஆப் செய்யத் தெரிந்த கோ-ஃபவுண்டர் உடனடித் தேவை. ஐந்து சதவீதப் பங்கு. கோடிகளில் சந்தை." இந்த ரீதியில் போனது.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களும் மென்பொருள்காரர்களும் கலந்து கிடக்கும் குழு ஒன்றில், ஒரு சனிக்கிழமை மதியம் அதைப் போட்டார்கள். திங்கட்கிழமை காலை வரை வந்த பதில்கள் ஏழு. மூன்று கம்பெனிகள், காசு கொடுத்தால் நாங்களே செய்து தருகிறோம் என்றன. ஒரு மாணவர் சான்றிதழ் தருவீர்களா என்று கேட்டார். இரண்டு பேர் கைகூப்பும் படம் அனுப்பியிருந்தார்கள், எதற்கென்று தெரியவில்லை. ஏழாவது, முன்பின் தெரியாத ஒரு மென்பொருள்காரரிடமிருந்து தனியாக வந்திருந்தது.

"ஐடியா என்னன்னு சொல்லல. நீங்க யாருன்னு சொல்லல. இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கீங்கன்னும் சொல்லல. அஞ்சு பர்சென்ட் குடுத்தா அதுக்குப் பேரு கோ-ஃபவுண்டர் இல்லீங்க, சம்பளம் இல்லாத வேலைக்காரன்."

அதைப் படித்தபோது அக்கா லேபில், தன் மேஜையில் இருந்தாள். பல் லேப். ஊரில் இருக்கும் பல் கிளினிக்குகள் நோயாளியின் பல்லைப் பசையில் பதித்து எடுத்த அச்சை, இவர்கள் சொல்லில் அளவை, ஒரு சீட்டோடு பையில் போட்டு இங்கே அனுப்பும். இவர்கள் அதை வைத்து கேப், பிரிட்ஜ், பல்செட் எல்லாம் செய்து திருப்பி அனுப்புவார்கள். வருகிற ஒவ்வொரு பையையும் பிரித்து, கிருமிநாசினியில் முக்கி எடுத்து, அளவு சரியாக இருக்கிறதா, சீட்டில் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பதினான்கு வருடமாக அதே வேலை. லேபில் எல்லோருக்கும் அவள் செக்கிங் அக்கா. அவளை விட வயதில் மூத்தவர்களுக்கும் அக்காதான்.

முதலில் கோபம் வந்தது. கையுறையைக் கழற்றி, "உன் வேலையைப் பாரு" என்று பதில் எழுதக்கூடத் தொடங்கினாள். அப்போது கையிலிருந்த சீட்டு கண்ணில் பட்டது. மேல் வரிசை, இடது பக்கம், கேப் ஒன்று என்று இருந்தது. பல்லின் நிறம் இல்லை. எந்தப் பொருளில் செய்ய வேண்டும் என்று இல்லை. "அவசரம்" என்று மட்டும் மூன்று முறை அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. இந்த மாதிரிச் சீட்டு வந்தால் அவள் கிளினிக்குக்கு ஃபோன் போட்டு, "நான் என்ன ஜோசியமா பாக்கறேன்?" என்று கேட்பாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதியதை அழித்துவிட்டு, "நீங்க சொல்றது சரி. எவ்வளவு குடுக்கணும், எப்படிக் குடுக்கணும்னு எனக்குத் தெரியாது. எங்க படிக்கலாம்?" என்று அனுப்பினாள்.

அந்த மனிதர் நல்லவர். நான்கு கட்டுரைகளின் சுட்டிகளை அனுப்பிவிட்டு, "எனக்கு இதுல சேர ஆசை இல்ல, ஆனா படிச்சுட்டு எழுதிக் காட்டுங்க, பாத்துச் சொல்றேன்" என்றார்.

ஒரு வாரம் படித்தாள். பஸ்ஸில் படித்தாள், குக்கர் விசில் அடிக்கும் இடைவெளியில் படித்தாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சாப்பிட உட்காரும்போது தினமும் ஒரு கேள்வி கேட்பார்.

"இந்தப் பங்குன்னு சொல்றியே, அத மொதல் நாளே தூக்கிக் குடுத்துடணுமா? மறுநாளே அந்த ஆளு கெளம்பிட்டா?"

"அதுக்குத்தான் வழி வெச்சிருக்காங்க. நாலு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா சேரும். மொத வருஷம் முடியறதுக்குள்ள போனா ஒண்ணும் கெடையாது. மொத வருஷம் முடிஞ்சா கால் பங்கு மொத்தமா சேரும், அப்புறம் மாசா மாசம்."

"நல்லாத்தான் இருக்கு. எங்க கம்பெனியில முப்பது வருஷம் இருந்தாலும் ஸ்பேனர்தான் சேருது."

வியாழக்கிழமை மதியம் லேபின் சமையலறையில், சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு அவளே எழுதினாள். யாரிடமும் கேட்கவில்லை. இருபது நிமிடத்தில் முடிந்தது.

"பல் லேப் ஒன்றில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். கிளினிக்குகளிலிருந்து வரும் அளவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. செய்து அனுப்பும் நூறு பல்லில் ஐந்தாறு திரும்பி வருகின்றன. அதில் பாதிக்கு மேல், ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தடுத்திருக்கலாம். அளவு கிளினிக்கை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்கும் மென்பொருள் செய்ய வேண்டும். அதற்குத் தொழில்நுட்பம் தெரிந்த கோ-ஃபவுண்டரைத் தேடுகிறேன்.

இப்போது எந்த நிலை: யோசனை நிலை. மென்பொருளுக்கு ஒரு வரி கோடு கூட எழுதவில்லை. கம்பெனி பதிவாகவில்லை. வருமானம் இல்லை. காகிதப் படிவம் ஒன்றை வைத்து மூன்று மாதம் சோதித்திருக்கிறேன். வேலை செய்கிறது.

நான் கொண்டுவருவது: இந்தத் தொழிலின் உள்ளும் புறமும். பதினான்கு மாதத்தில் திரும்பி வந்த 418 பல்லுக்கும் ஏன் வந்தது என்று எழுதி வைத்த நோட்டு. சோதித்துப் பார்க்க ஒத்துக்கொண்ட ஏழு கிளினிக்குகள். விற்பது, சொல்லிக் கொடுப்பது, திட்டு வாங்குவது என் பொறுப்பு. சரியான ஆள் கிடைத்தால் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் வருவேன். எட்டு மாதம் என் சம்பளம் இல்லாமல் வீடு ஓடும்.

எனக்குத் தெரியாதது: மென்பொருள். அதில் உங்கள் முடிவே முடிவு.

பங்கு: 40 முதல் 45 சதவீதம், பேசி முடிவு செய்யலாம். நான்கு வருடத்தில் படிப்படியாகச் சேரும், முதல் வருடம் முடியும்வரை எதுவும் கைக்கு வராது. சம்பளம் இப்போது இல்லை.

முதலில் ஆறு வாரம் சேர்ந்து வேலை செய்து பார்ப்போம். ஒத்துவந்தால் கையெழுத்து."

திட்டிய மென்பொருள்காரருக்கு அனுப்பினாள். "இப்ப சரி" என்று மட்டும் பதில் வந்தது. உடனே குழுவிலும் போட்டாள். தம்பிதான் ஃபோனில் குதித்தான்.

"ஏன்க்கா, நாப்பத்தஞ்சா? பாதியத் தூக்கி எவனோ ஒருத்தனுக்குத் தாரை வார்க்கறியே! ஐடியா உன்னுது!"

"ஐடியாவ வெச்சு நான் என்ன பண்றது, ஊறுகாயா போடறது?"

"சரி, ஐடியாவையே வெளிய சொல்லிட்டியே. எவனாவது திருடிட்டா?"

"திருடட்டும். நிறம் எழுதாம சீட்டு அனுப்பற கிளினிக் பொண்ணுகிட்ட என்ன கேட்டா அவ எழுதுவா, என்ன கேட்டா ஃபோன வெப்பான்னு அவனுக்குத் தெரியுமா? அது தெரிய அவனுக்குப் பதினாலு வருஷம் ஆகும்."

"உன் இஷ்டம்" என்று தம்பி ஃபோனை வைத்துவிட்டான்.

இந்த முறை பதினோரு பேர் எழுதினார்கள். நான்கு பேரிடம் பேசினாள். ஒருவருக்கு வேலையை விடாமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பாதிப் பங்கு வேண்டும். இன்னொருவர் அவளைப் பேசவே விடாமல், முழு ஆப்பையும் ஒரே வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார். மூன்றாமவர் நல்ல பையன், ஆனால் அவனுக்குப் பல் என்றாலே பயம். நான்காவதாகப் பேசியவர் ஒரு பெண். அந்த "இப்ப சரி" சொன்ன மனிதர் தன் பழைய அலுவலகத் தோழிக்குச் செய்தியை அனுப்பியிருக்கிறார். பார்சல் எங்கே இருக்கிறது என்று காட்டும் மென்பொருளை ஆறு வருடம் கட்டியவர் அவர். வேலையை விட்டுவிட்டார். இரண்டு மாதமாக வீட்டில் இருந்துகொண்டு அடுத்தது என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும்.

அவர் ஃபோனில் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது. "அந்த 418ல, டாக்டர் தப்பு எத்தனை, கிளினிக்ல சீட்டு எழுதறவங்க தப்பு எத்தனை, உங்க லேப் தப்பு எத்தனை?"

"எங்க தப்பு நூத்திப் பதிமூணு. மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

"நல்லது. சனிக்கிழமை பாப்போமா?"

அவள் ஃபோனை வைத்தபோது மனசுக்குள் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. இந்தப் பொறியாளர்தான் ஆள் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். ஆனால் சனிக்கிழமைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறை, பீங்கான் சுடும் உலைகளுக்குப் பக்கத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். அவரும் ஒரு காலத்தில் மெழுகில் பல் செதுக்கியவர்தான், விரல் நுனிகள் இன்னும் சப்பையாக இருக்கும். மேஜை மேல் ஃபோன் இருந்தது. திரையில் அவள் எழுதிய செய்தி. குழுவில் இருந்த யாரோ ஒரு பல் டாக்டருக்கு அனுப்ப, டாக்டர் இவருக்கு அனுப்பியிருக்கிறார்.

"உக்காரு. இது நீதானே?"

"நான்தான் சார்."

"பேரு போடல. ஆனா 'திட்டு வாங்குவது என் பொறுப்பு'ன்னு படிச்சதும் தெரிஞ்சுபோச்சு." அவர் சிரிக்கவில்லை. "வேலைய விடறதா இருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"ஆள் கெடச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"சரி, அது உன் இஷ்டம். இந்த ஏழு கிளினிக். அது யாரோட கிளினிக்?"

மூன்று கிளினிக்குகளை அவளே தேடிப் போய், ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் காத்திருந்து பேசியிருந்தாள். மீதி நான்கு, லேபின் வாடிக்கையாளர்கள். அவர்களிடம் வேலை விஷயமாகப் பேசும்போதே இதையும் பேசியிருந்தாள், லேபின் ஃபோனில்.

"நாலு உங்களோடது சார்."

"நோட்டு?"

"நான் எழுதினது."

"எங்க உக்காந்து எழுதின? யாரு பல்லைப் பாத்து எழுதின?"

நோட்டில் நோயாளி பெயரோ கிளினிக் பெயரோ கிடையாது. காரணங்கள் மட்டும்தான். அதைச் சொல்ல வாய் வரை வந்தது, ஆனால் சொல்லவில்லை. கேட்டது அதுவல்ல. இவருடைய லேபின் நானூற்றுப் பதினெட்டு தோல்விகளை, அவரைக் கேட்காமல், ஊருக்கே அறிவித்திருக்கிறாள்.

"தப்புதான் சார். உங்களக் கேட்டிருக்கணும்."

முதலாளி இதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. சண்டைக்குத் தயாராக முன்னால் சாய்ந்திருந்தவர், பின்னால் சாய்ந்துகொண்டார். பிறகு சொன்னார்: "ஐடியா மோசம் இல்ல. எனக்கே வருஷா வருஷம் இதால எவ்வளவு போகுதுன்னு தெரியும். இங்கேயே செய்யேன். சம்பளம் அப்படியே. ஆப் செய்யறவனுக்குச் சம்பளம் நான் குடுக்கறேன். எழுபது எனக்கு, முப்பது உனக்கு. எதுக்கு வெளிய போய்க் கஷ்டப்படற?"

நல்ல வேலை, மாதச் சம்பளம், முப்பது பங்கு. தம்பி இங்கே இருந்திருந்தால் மேஜை மேலேயே கையெழுத்துப் போட்டிருப்பான். அவள் யோசித்தது பத்து வினாடி கூட இருக்காது.

"வேண்டாம் சார். பணத்துக்காகச் சொல்லல. இது உங்களோடதா இருந்தா உங்க லேப் மட்டும்தான் வாங்கும். ஊர்ல இருக்கற மத்த லேபெல்லாம், அவங்க கிளினிக் பேரு, அவங்க எத்தனை பல்லு செய்யறாங்க, எத்தனை திரும்பி வருது, எல்லாத்தையும் உங்க கம்ப்யூட்டர்ல கொண்டு வந்து போடுவாங்களா? நீங்க போடுவீங்களா?"

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"போட மாட்டேன்" என்றார் கடைசியில்.

"அதான் சார்."

"திங்கக்கிழமை பேசுவோம். அதுவரைக்கும் அந்த நாலு கிளினிக் பேச்ச எடுக்காத. நோட்டு இங்க இருக்கட்டும்."

நோட்டை எடுத்து வந்து அவர் மேஜையில் வைத்தாள். நீல அட்டை, மூலையில் ஜிப்சம் கறை. கை அதை விடுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. திரும்பித் தன் இடத்துக்கு வந்து, அடுத்த பையைப் பிரித்தாள். அளவில், கேப் போடுவதற்காக டாக்டர் அரைத்த பல்லின் ஓரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. இதில் கேப் செய்தால் உட்காராது என்று பார்த்த உடனேயே தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சற்று முன் போன தெம்பு முழுதாகத் திரும்பி வந்துவிட்டது. நோட்டு போனால் என்ன, அதை எழுதிய கண் இங்கேதானே இருக்கிறது.

மதிய இடைவேளையில் குழுவைத் திறந்து, தன் செய்திக்குக் கீழே இன்னொன்று எழுதினாள்.

"ஒரு திருத்தம். நான் கொண்டுவருவதாகச் சொன்ன நோட்டு, நான் வேலை பார்க்கும் லேபுக்குச் சொந்தமானது. ஏழு கிளினிக்குகளில் நான்கு அவர்களுடைய வாடிக்கையாளர்கள். இரண்டுக்கும் நான் அனுமதி கேட்டிருக்கவில்லை. ஆகவே இப்போதைக்கு என் கையில் இருப்பது மூன்று கிளினிக்குகளும் பதினான்கு வருட அனுபவமும். மற்றதில் மாற்றம் இல்லை."

அதையே பொறியாளருக்கும் தனியாக அனுப்பி, "இதப் பாத்துட்டு நாளைக்கு வரலாமா வேண்டாமான்னு சொல்லுங்க" என்று சேர்த்தாள். மாலை வரை பதில் இல்லை. பஸ்ஸில் இரண்டு முறை ஃபோனை எடுத்துப் பார்த்தாள். மூன்றாம் முறை எடுக்காமல் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். வீட்டுக்குப் போனபோது பதில் வந்திருந்தது.

"பத்து மணிக்குன்னு சொன்னோம். பத்தரை ஆக்கலாமா? பொண்ண நீச்சல் கிளாஸ்ல விட்டுட்டு வரணும்."

பொது நூலகத்தின் மாடியில், மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் சிறிய அறை ஒன்று. வெள்ளைப் பலகை, நான்கு நாற்காலிகள். பொறியாளர் குட்டையாக, வேகமாகப் பேசுபவராக இருந்தார். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"நேத்து நீங்க அந்தத் திருத்தம் போடலேன்னா என்ன ஆயிருக்கும் தெரியுமா? நாலு மாசம் கழிச்சு உங்க முதலாளி ஒரு வக்கீல் நோட்டீஸ் விட்டிருப்பார். நான் எழுதின கோடெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும்."

"அப்ப ஏன் வந்தீங்க?"

"நாலு மாசம் கழிச்சுத் தெரியறதுக்குப் பதிலா மொத வாரமே தெரிஞ்சுதே. நீங்களே சொன்னீங்க. இதுக்கு முன்னாடி ஒரு தடவ ஒருத்தரோட சேர்ந்து கம்பெனி ஆரம்பிச்சேன். அவரு இந்த மாதிரி ஒரு விஷயத்த ஒரு வருஷம் மறைச்சார்."

பேச்சு பங்குக்கு வந்தது.

"நாப்பதுலேர்ந்து நாப்பத்தஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. ரேஞ்ச் குடுத்தா எல்லாருக்கும் மேல் நுனிதான் கண்ணுல படும். எனக்கும் அப்படித்தான்."

"எனக்கும் தெரியும். நாப்பத்தஞ்சுக்குத் தயாராத்தான் எழுதினேன்."

பொறியாளர் சிரித்தார். "ஆனா எழுதாத ஒண்ணு இருக்கு. நாலு வருஷத்துல படிப்படியாச் சேரும்னீங்களே, அது எனக்கு மட்டுமா, உங்களுக்கும் சேர்த்தா?"

இதை அவள் யோசிக்கவே இல்லை. தன் பங்கு தன்னுடையது என்றுதான் நினைத்திருந்தாள். பிள்ளை பெற்றவளிடம், இது நாலு வருடம் கழித்துத்தான் உன் பிள்ளை என்று சொல்வது போல இருந்தது.

"யோசனை என்னோடதுங்க. எனக்கெதுக்கு?"

"ஆறாவது மாசம் உங்க முதலாளி டபுள் சம்பளம் தரேன்னு கூப்பிட்டு, நீங்க போயிட்டீங்கன்னு வைங்க. அம்பத்தஞ்ச எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்க. நான் நாப்பத்தஞ்ச வெச்சுக்கிட்டு, உங்களுக்காக உழைச்சுக்கிட்டிருப்பேன்."

ஓடிப்போகிறவள் இல்லை அவள். ஆனால் அது இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஒரு வாரப் பழக்கம்.

"சரி. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி."

"அப்புறம், பின்னாடி வேலைக்கு வர்றவங்களுக்குன்னு பத்து தனியா எடுத்து வெச்சுடணும். மீதியத்தான் அம்பத்தஞ்சு, நாப்பத்தஞ்சாப் பிரிக்கணும்."

"அதுவும் சரி. கிளினிக், லேப், விலை, எதச் செய்யணும்ங்கறது என் முடிவு. எப்படிச் செய்யணும்ங்கறது உங்க முடிவு. சண்ட வந்தா ஒரு நாள் தள்ளிப்போட்டு மறுநாள் பேசணும்."

"எழுதிக்கலாம்."

ஒரே பக்கத்தில் எழுதினார்கள். ஆறு வாரம் சோதனை. பிரிந்தால் எழுதிய கோடு பொறியாளருக்கு, படிவமும் கேள்விகளும் அவளுக்கு. ஒத்துவந்தால் வக்கீலிடம் போய் முறையாக எழுதி, கம்பெனியைப் பதிவு செய்வது. கீழே இருவரும் தேதி போட்டார்கள்.

அன்று மாலை தம்பியிடம் ஃபோனில் இதைச் சொன்னாள். "உன் சொந்த ஐடியாவுக்கு நீயே நாலு வருஷம் வேலை பாக்கணுமா?" என்றான். "ஆமா" என்றாள். "நீ விக்கற பாலிசி மட்டும் மொத நாளே முழுசாக் குடுத்துடுதா?" அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

திங்கட்கிழமை முதலாளி பேசினார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நோட்டைப் படித்திருக்கிறார் என்று அவர் பேச்சிலேயே தெரிந்தது.

"பக்கம் அறுபத்தி மூணுல, நான் செஞ்ச பிரிட்ஜையே எழுதியிருக்க."

"நீங்கதான் சார் அவசரமா முடிச்சீங்க அன்னிக்கு."

அவர் அதை மறுக்கவில்லை. இரண்டு மாத நோட்டீஸ், அவள் இடத்துக்கு ஒருவரைப் பழக்கிவிட்டுப் போக வேண்டும். நோட்டு லேபில் இருக்கும், அதிலிருக்கும் எண்ணிக்கைகளை மட்டும், லேபின் பெயர் இல்லாமல், அவள் பயன்படுத்தலாம். நான்கு கிளினிக்குகளிலும் சோதித்துப் பார்க்கலாம். பதிலுக்கு லேபுக்கு முதல் வருடம் பாதி விலை. எல்லாவற்றையும் லேபின் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பங்கு பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாளைக் கொடுக்கும்போது மட்டும், "எழுபதுன்னு கேட்டது கொஞ்சம் அதிகம்தான்" என்றார்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் பொறியாளர் லேபுக்கு வந்து, முதலாளி அனுமதியோடு, அவள் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கணினியைத் திறக்கவே இல்லை. அவள் பை பிரிப்பதையும் ஃபோன் பேசுவதையும் பார்த்து, ஒரு தாளில் குறித்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் சொன்னார்: "டாக்டருக்குன்னு ஒண்ணும் செய்ய வேண்டாம். உங்க ஃபோன எடுக்கறவங்க ஒருத்தர் கூட டாக்டர் இல்ல. பைல போட்டு ஒட்டறாங்களே, அந்த அசிஸ்டென்ட் பொண்ணுங்கதான். அவங்க ஃபோன்ல, ஒத்தைக் கையால நிரப்பற மாதிரி இருக்கணும். இன்னொரு கைல அளவு இருக்கும்."

பதினான்கு வருடம் அந்தப் பெண்களோடு பேசியவளுக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆனால் அந்த இன்னொரு கையை அவள் யோசித்ததில்லை.

மூன்றாம் வாரம் ஒரு சுட்டி தயாராகியது. ஃபோனில் அதை அழுத்தினால் ஐந்து கேள்விகள். நிற அட்டையைப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுக்காமல் அடுத்த கேள்விக்குப் போகவிடாது. முதல் நாளே ஒரு கிளினிக், இதெல்லாம் எங்களுக்கு நேரமில்லை என்று கழன்றுகொண்டது. அவள் நேரில் போய் அந்த அசிஸ்டென்ட் பெண்ணோடு அரை நாள் நின்று பார்த்தாள். ஐந்து கேள்வியில் இரண்டை அந்தப் பெண் நோயாளியின் கார்டைத் தேடித்தான் நிரப்ப வேண்டியிருந்தது. திரும்பி வந்து, "மூணு போதும்" என்றாள். பொறியாளர் முகம் சுளித்தார், ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்பது அவள் முடிவு என்று எழுதியிருந்ததே. மூன்றாக்கினார். கழன்ற கிளினிக் திரும்பி வந்தது.

ஆறு வாரம் முடிந்தபோது, நூற்று நாற்பது பல் அந்தச் சுட்டி வழியாக வந்திருந்தன. வழக்கப்படி ஏழெட்டு திரும்பி வந்திருக்க வேண்டும். வந்தது மூன்று.

"சின்ன நம்பர். இத வெச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது, குருட்டு அதிர்ஷ்டமாக்கூட இருக்கலாம்" என்றார் பொறியாளர்.

"இருக்கலாம். ஆனா அந்த மூணுல ரெண்டு நாங்க உலைல கோட்டை விட்டது. அத எந்தச் சுட்டியும் தடுக்காது."

பொறியாளர் தாளைத் திரும்பப் பார்த்தார். "கையெழுத்துப் போடலாமா?"

"நான் போன வாரமே வக்கீலுக்கு நேரம் வாங்கிட்டேன்."

வக்கீல் இரண்டு இடத்தில் வார்த்தை மாற்றினார், மற்றபடி அந்த ஒரு பக்கம்தான் பன்னிரண்டு பக்கமாக வளர்ந்து வந்தது. கோடு, படிவம், கேள்விகள் எல்லாம் இனி கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒரு பத்தி புதிதாகச் சேர்ந்தது. லேபில் கடைசி நாள், மெழுகுப் பிரிவுக்காரர்கள் அவளைச் சுற்றி நின்று, புதிதாக வந்திருப்பவள் கண்டிப்பில் அக்காவுக்கு மேல் என்று முறையிட்டார்கள். அவளுக்கு அது ரொம்பப் பிடித்தது.

அடுத்த மாதம் இருவரும், நகரத்தின் மறுகோடியில் இருந்த ஒரு பெரிய லேபுக்குப் போனார்கள். முதலாளிக்குப் போட்டி லேப். அவர்களுடைய உரிமையாளர் வரவேற்பு மேஜைக்கு முன்னாலேயே நிறுத்தி வைத்துப் பேசினார், உள்ளே விடவில்லை.

"நீங்க அந்த லேப்ல இருந்தவங்கதானே? இதுல அவருக்கு எவ்வளவு பங்கு?"

"ஒண்ணும் இல்ல. அவரும் ஒரு வாடிக்கையாளர், அவ்வளவுதான். கம்பெனி எங்க ரெண்டு பேரோடது."

அவர் அவளையும் பொறியாளரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து, அன்று காலை வந்த பை ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இதுக்காக கிளினிக்குக்கு மூணு தடவ ஃபோன் பண்ணிட்டேன். இன்னும் புரியல. உங்களோட அந்த மூணு கேள்வி இதுக்கு என்ன பண்ணும், சொல்லுங்க."

அவள் சீட்டைப் படித்தாள், அளவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"உக்காந்து காட்டணுங்க. ஒரு மேஜை வேணும்."

அவர் தடுப்புக் கதவைத் திறந்துவிட்டார். பொறியாளர் கணினியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் உள்ளே போனார்.